ஒரே தீர்ப்பு, நான்கு தலைப்புகள்: செய்திப் பக்கங்களை ஒப்பிட்டு வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வாசகர் வட்டங்களிலும் ஊடகப் படிப்பு மாணவர்களிடமும் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பல நிகழ்வுகளை மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒன்றையே முழுக்கப் பார்ப்பது பயன் தரும் என்பதால், நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஜல்லிக்கட்டு வழக்கில் 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்துக்கொண்டேன். கீழே வரும் மாதிரித் தலைப்புகள் எந்தப் பத்திரிகையிலிருந்தும் எடுத்தவை அல்ல. அன்று புழங்கிய தலைப்பு வகைகளைக் காட்டுவதற்காக நானே எழுதியவை.

தீர்ப்பு ஒண்ணுதான சார், அப்புறம் தலைப்பு மட்டும் எப்படி ஆளுக்கு ஒண்ணா இருக்கு?

தலைப்பில் எட்டுப் பத்துச் சொற்களுக்கு மேல் இடம் கிடையாது. பல வழக்குகளை ஒன்றாக விசாரித்து எழுதிய நீண்ட தீர்ப்பை அந்த இடத்துக்குள் கொண்டுவர வேண்டுமானால், எதையாவது எடுத்து மற்றவற்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எடுத்ததை யாருடைய செயலாகக் காட்டினார்கள் என்பதில்தான் பக்கத்துக்குப் பக்கம் வேறுபாடு வருகிறது. பொய் ஏதும் எழுதாமலேயே நான்கு பக்கங்கள் நான்கு வகையான நினைப்பை வாசகரிடம் விட்டுச் செல்ல முடியும்.

இந்தத் தொகுப்பு முழுவதும் நான் பயன்படுத்தப்போகும் நான்கு மாதிரித் தலைப்புகள் இவை. முதலாவது, ‘ஜல்லிக்கட்டுக்குத் தடையில்லை: உச்ச நீதிமன்றம் தீர்ப்பு’. இரண்டாவது, ‘ஜல்லிக்கட்டு தமிழர் பண்பாடு: உச்ச நீதிமன்றம் அதிரடி’. மூன்றாவது, ‘ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும்: 5 நீதிபதிகள் ஒருமித்த தீர்ப்பு’. நான்காவது, ‘ஜல்லிக்கட்டு எதிர்ப்பு மனுக்கள் தள்ளுபடி: விலங்கு நல அமைப்புகளுக்குப் பின்னடைவு’.

ஒப்பிடணும்னா எதோட ஒப்பிடுறது? உண்மையில நடந்தது என்னன்னு எனக்கே தெரியாதே?

ஒரு தலைப்பை இன்னொரு தலைப்போடு நேராக ஒப்பிட்டால், நமக்குப் பிடித்தது சரி என்றும் மற்றது கோணல் என்றும் தோன்றிவிடும். அதனால் முதலில் மூல ஆவணத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றச் செய்திக்குத் தீர்ப்பே மூலம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. முழுவதையும் வாசிக்க நேரமில்லாவிட்டால், கடைசிப் பகுதியில் முடிவுகளைத் தொகுத்துச் சொல்லும் பத்திகளையாவது வாசிக்க வேண்டும். ஆவணம் இல்லாத நிகழ்வு என்றால் காவல்துறையின் அறிக்கை, மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பு, வெட்டாத காணொளி ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு தொடங்கலாம். ஆனால் அவையும் ஒரு தரப்பின் கூற்றுகள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு, பெயரடை ஏதுமின்றி நடந்ததைச் சில வாக்கியங்களில் நாமே எழுதி வைத்துக்கொள்கிறோம். இந்த வழக்கில் அது இப்படி அமையும்: நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2017இல் கொண்டுவந்த திருத்தம் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கம்பளா எனும் எருமைப் பந்தயத்துக்காகக் கர்நாடகமும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்காக மகாராஷ்டிரமும் கொண்டுவந்த திருத்தங்களும் அதே தீர்ப்பில் நிலைநிறுத்தப்பட்டன. சட்டத்தையும் விதிகளையும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும், அதற்கு மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட அதிகாரிகளே பொறுப்பு என்றும் அமர்வு சொன்னது. ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதியா என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றும் சொன்னது. இந்தச் சில வரிகளை இனி அடிப்படைக் குறிப்பு என்று அழைக்கிறேன்.

நாலு தலைப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சாச்சு. இப்ப எதைப் பாக்கணும்?

முதலில் எழுவாயைப் பாருங்கள். மூன்றாவது தலைப்பில் ‘சட்டம்’ எழுவாயாக நிற்கிறது. வாசகரின் கவனம் சட்டமன்றம் செய்த வேலை தப்பிப் பிழைத்ததா என்பதில் விழுகிறது. நான்காவதில் மனுக்களும் அவற்றைத் தொடுத்த அமைப்புகளும் முன்னால் வருகின்றன. அதே தீர்ப்பு இப்போது ஒரு தரப்பின் தோல்வியாகத் தெரிகிறது. தள்ளுபடி என்பது நடந்ததுதான். ஆனால் ‘பின்னடைவு’ என்பது நீதிமன்றம் சொன்னதல்ல. அந்தப் பக்கம் தானாகச் சேர்த்த மதிப்பீடு. தமிழ்த் தலைப்பில் எழுவாயை அடியோடு விட்டுவிடவும் முடியும் என்பதையும் இங்கேயே கவனித்துக்கொள்ள வேண்டும். ‘போராட்டக்காரர்கள் கலைப்பு’ என்று போட்டால் கலைத்தவர் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ‘போலீசார் தடியடி’ என்றால் செய்தவரும் செயலும் நம் முன்னே நிற்கின்றன.

அடுத்து, சொல்லாமலே உணர்த்தப்படும் முன்கதையைப் பாருங்கள். முதல் தலைப்பில் உள்ள ‘தடையில்லை’ என்பது தவறான சொல் அல்ல. ஆனால் அதை மட்டும் வாசிப்பவருக்கு, அதுவரை ஜல்லிக்கட்டு தடையில் இருந்ததாகவும் மே 18 அன்றுதான் நீங்கியதாகவும் தோன்றக்கூடும். 2014 மே 7 அன்று வந்த தடை, 2017 ஜனவரிப் போராட்டத்தைத் தொடர்ந்து வந்த அவசரச் சட்டத்தாலும் பிறகு சட்டத்தாலும் நீங்கிவிட்டது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் வாடிவாசல் திறந்துகொண்டுதான் இருந்தது. அந்தச் சட்டத்துக்கு இருந்த ஆபத்து விலகியது என்பதே அன்றைய செய்தி. அலங்காநல்லூர்க்காரருக்கு இது எடுத்துச் சொல்லாமலே தெரியும். வெளியூர் வாசகருக்குத் தெரியாது. ஒரே தலைப்பு இருவரிடமும் ஒரே பொருளைக் கொண்டு சேர்ப்பதில்லை.

மூன்றாவதாக, அடிப்படைக் குறிப்பில் உள்ளவற்றில் எது எந்தத் தலைப்பிலும் இல்லை என்று பாருங்கள். நான்கு மாதிரிகளிலும் ஆட்சியரின் பொறுப்பு பற்றிய பகுதி இல்லை. எல்லாப் பக்கங்களும் ஒருசேர விட்ட ஒன்றைப் பக்கங்களை மட்டும் ஒப்பிட்டு ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. மூலத்தை முதலில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். அடுத்த தையில் களத்தில் ஒருவர் இறந்தால் யாரைக் கேள்வி கேட்பது என்பதைத் தீர்மானிப்பது அந்த விடுபட்ட வரிதான் என்பது என் கருத்து.

‘பண்பாடு’ன்னு போட்டதுல என்ன தப்பு? தீர்ப்புலயே அந்தச் சொல் வருதுல்ல?

வருகிறது, ஆனால் யார் சொன்னதாக வருகிறது என்பதில்தான் சிக்கல். ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் இன்றியமையாத பகுதியா என்பதற்குச் சமயம், பண்பாடு, சமூகம் சார்ந்த விரிவான ஆய்வு தேவை என்றும், அது நீதித்துறை செய்யக்கூடிய வேலை அல்ல என்றும் அமர்வு கூறியது. தமிழ்நாட்டில் குறைந்தது ஒரு நூற்றாண்டாக ஜல்லிக்கட்டு நடந்துவருகிறது என்பதை ஏற்றுக்கொண்டது. சட்டமன்றம் அதைப் பண்பாட்டு மரபு என்று அறிவித்திருப்பதால் அந்தக் கருத்தில் தலையிட மாட்டோம் என்றது. 2014இல் இரு நீதிபதிகள் அமர்வு இது பண்பாட்டின் பகுதி அல்ல என்ற முடிவுக்கு வந்திருந்தது. அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் அப்போது முன்வைக்கப்படவில்லை என்று கருதி 2023 அமர்வு அதை ஏற்கவில்லை.

ஆக, பண்பாடு என்று அறிவித்தது சட்டமன்றம். அதில் கை வைக்க மறுத்தது நீதிமன்றம். இரண்டாவது தலைப்பு இந்த இரண்டையும் ஒன்றாக்கி, அறிவிப்பையே நீதிமன்றத்தின் வாயில் வைத்துவிடுகிறது. வேலையைச் செய்தது அந்த முக்காற்புள்ளிதான். ஒரு கூற்றை எழுதி முக்காற்புள்ளி போட்டு ஒரு பெயரை வைத்தால், அந்தப் பெயருக்கு உரியவர் அதைச் சொன்னார் என்பதே நம் தலைப்பு மரபு. அது பெயருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாராமல், அந்தக் கூற்றை அந்த நபரோ நிறுவனமோ அதே பொருளில் சொன்னதா என்று மூலத்தில் தேடிப் பாருங்கள். நான்கு மாதிரிகளில் இது ஒன்றுதான் சாய்வு என்ற எல்லையைத் தாண்டிப் பிழை என்ற எல்லைக்குள் நுழைகிறது. பெருமையோடு அதிகம் பகிரத் தோன்றுவதும் இதுதான்.

அதிரடி, பரபரப்பு, ஷாக் இதையெல்லாம் எடுத்துட்டா தலைப்பு சரியாயிருமா?

ஆகாது. இந்தச் சொற்கள் உரத்த குரல், அவ்வளவுதான். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவை பெரும்பாலும் காட்டுவதில்லை. இரண்டாவது தலைப்பிலிருந்து ‘அதிரடி’யை எடுத்துவிட்டாலும் முந்தைய பதிலில் சொன்ன பிழை அப்படியே இருக்கும். அடக்கமான மொழியில் எழுதும் பக்கத்தை நம்பிவிடுவது, ஒப்பிடத் தொடங்குபவர்கள் எல்லோரும் கடந்து வரும் கட்டம்.

படம் சும்மா கண்ணுக்கு அழகா வைக்கிறதுதான? அதுல போய் என்ன இருக்கு?

மே 18 அன்று நடந்தது, டெல்லியில் ஒரு நீதிமன்ற அறையில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அந்த அறைக்குள் புகைப்படக்காரர்கள் கிடையாது. ஆகவே அந்தச் செய்தியோடு வந்த படங்களில் ஏறக்குறைய எதுவும் நிகழ்வின் படம் அல்ல. அவை வேறெங்கோ எடுத்து, இதற்காகத் தேர்ந்து வைத்தவை. தேர்வு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி கிடைப்பது அரிது.

உச்ச நீதிமன்றத்தின் குவிமாடத்தைப் போட்டால் செய்தி சட்டத்தைப் பற்றியதாகிறது. வாடிவாசலிலிருந்து பாயும் காளையின் திமிலை ஒரு இளைஞர் அணைத்திருக்கும் படத்தைப் போட்டால் வீரத்தைப் பற்றியதாகிறது. மாலை போட்ட காளையோடு அதை வளர்த்தவர் நிற்கும் படம், வளர்ப்பையும் வாழ்க்கையையும் பற்றியதாக்குகிறது. தூக்குப்படுக்கையில் ஒருவரைக் கொண்டு செல்லும் படம் ஆபத்தைப் பற்றியதாக்குகிறது. காளையின் வாலைப் பலர் பிடித்திழுக்கும் படமோ வதையைப் பற்றியதாக்குகிறது. அதுவும் வாலைப் பிடிப்பதை அனுமதிக்காத நடைமுறை உள்ள ஆட்டத்தில், விதிமீறலின் படத்தை விதியைக் காப்பாற்றிய தீர்ப்புக்கு வைக்கிறார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இடமாற்றம். தலைப்புகளையும் படங்களையும் தனித்தனிச் சீட்டுகளாக அச்சடித்து, மூன்றாவது தலைப்பின் மேல் முதலில் குவிமாடத்தையும் பிறகு தூக்குப்படுக்கையையும் வையுங்கள். முதல் முறை, ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டது உறுதியின் அடையாளமாக ஒலிக்கிறது. இரண்டாம் முறை அதே சொற்கள், ‘இவ்வளவு நடந்தும் இப்படித் தீர்ப்பளித்துவிட்டார்களே’ என்ற குறையாக ஒலிக்கின்றன. தலைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பொருள் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவும் படத்தின் பங்கு என்று கொள்ளலாம்.

போட்டது பழைய படம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் பொங்கலை ஒட்டி அடுத்தடுத்த நாட்களில் நடப்பவை. மே மாதச் செய்தியில் அலங்காநல்லூர் வாடிவாசல் இருந்தால் அது சில மாதங்களாவது பழைய படம். புதுக்கோட்டை, சிவகங்கை போன்ற மாவட்டங்களில் ஜல்லிக்கட்டு அதற்குப் பிறகும் நடப்பதால், எந்த ஊர் என்று தெரியாத படத்தை மட்டும் வைத்து இப்படி முடிவுகட்டக் கூடாது.

படத்துக்குள்ளும் தடயங்கள் இருக்கும். பின்னால் உள்ள வரவேற்புப் பலகையில் ஆண்டு எழுதியிருக்கும். மாடுபிடி வீரர்களின் பனியன் நிறமும் அதில் அச்சிட்ட விளம்பரமும் அந்த ஆண்டின் மற்றப் படங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். கூட்டத்தில் பலர் முகக்கவசம் அணிந்திருந்தால் பெரும்பாலும் கொரோனாக் காலத்து 2021 அல்லது 2022. தடயம் ஏதும் இல்லையென்றால் Google Lens அல்லது TinEye கொண்டு தேடி, அந்தப் படம் முதன்முதலில் வெளியான பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். தேடலில் கிடைக்கும் மிகப் பழைய தேதி, படம் அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை என்பதை மட்டுமே நிரூபிக்கும். அன்றுதான் எடுக்கப்பட்டது என்பதை அல்ல.

பழைய படத்தைப் போடுவது குற்றமில்லை. ‘கோப்புப் படம்’ என்று கீழே எழுதினார்களா என்பதே கேள்வி. வெடி வெடித்துக் கொண்டாடும் பழைய படத்தைக் குறிப்பில்லாமல் போட்டால், அது அன்றைய கொண்டாட்டம் என்று வாசகர் நம்புவார். அங்கே படம் ஒரு தகவலைச் சொல்கிறது, அந்தத் தகவல் தவறாகவும் இருக்கலாம்.

வெட்டிப் போட்ட படம்னு சொல்றாங்களே, அதை எப்படிப் பாக்குறது?

அதே படத்தின் அகலமான வடிவம் வேறெங்காவது கிடைக்கிறதா என்று மேலே சொன்ன தேடல் கருவிகளில் பாருங்கள். ஜல்லிக்கட்டுக் களத்தின் முழுப் படத்தில் தரையில் பரப்பிய தேங்காய் நார், இரு பக்கமும் மரத் தடுப்புகள், தடுப்புக்கு அப்பால் பார்வையாளர்கள், மேடையில் அதிகாரிகள் எல்லாம் தெரியும். நடுவில் காளையும் அதைச் சுற்றியுள்ள ஐந்தாறு பேரும் மட்டும் தெரியும்படி வெட்டினால் தடுப்பும் மேடையும் போய்விடும். ஒழுங்குபடுத்தி நடத்தும் ஆட்டம், தெருவில் மூண்ட கலவரம்போல் ஆகிவிடும். எதிர்த் திசையிலும் இதே வேலை நடக்கும். ஒருவர் திமிலைப் பிடிக்க, இன்னும் நான்கு பேர் மேலே விழுந்து தொங்கும் படத்தில் அந்த நால்வரையும் வெட்டிவிட்டால், ஒருவனுக்கு ஒரு காளை என்ற வீரப் படம் கிடைத்துவிடும்.

தொலைவிலிருந்து நீண்ட லென்சில் எடுத்தால் முன்னும் பின்னும் உள்ளவர்கள் நெருங்கித் தெரிவார்கள், கூட்டம் உண்மையைவிட அடர்த்தியாகத் தோன்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். களத்துக்குள் நிற்க முடியாத புகைப்படக்காரருக்கு வேறு வழியில்லை. அதை அவருடைய சாய்வாக எழுதிவிடக் கூடாது.

காலையில பாத்த தலைப்பு சாயங்காலம் மாறிப்போச்சுண்ணே. இப்ப எதைக் கணக்குல எடுக்க?

இரண்டையும் எடுக்க வேண்டும். நேரத்தோடு எடுக்க வேண்டும். தீர்ப்பு வாசிக்கப்பட்ட சில நிமிடங்களில் வரும் தலைப்பு, வழக்கறிஞர்கள் வெளியே வந்து சொன்னதை நம்பி எழுதியது. மாலைத் தலைப்பு, தீர்ப்பின் நகலை வாசித்த பிறகு எழுதியது. ஒரு பக்கத்தின் காலைத் தலைப்பை இன்னொரு பக்கத்தின் மாலைத் தலைப்போடு ஒப்பிட்டால், நாம் கண்டுபிடிப்பது நேர வேறுபாட்டை. பார்வை வேறுபாடு என்று அதற்குப் பெயர் வைத்துவிடுவோம். நான் பார்த்த மாணவர் ஒப்பீடுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

ஆகவே ஒரே மணி நேரத்துக்குள் எல்லாப் பக்கங்களையும் திரைப்பிடிப்பு எடுத்து, கோப்பின் பெயரிலேயே நேரத்தையும் எழுதிவிடுங்கள். அந்த நேரம் தவறிப்போனால் web.archive.org தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியை இட்டு, சேமித்த பழைய பிரதிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். சிறிய உள்ளூர்ப் பக்கங்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. இன்னொரு வழி, முகவரியின் வாலைப் பார்ப்பது. பல தளங்களில் முதல் தலைப்பை வைத்து உருவான ஆங்கில எழுத்து முகவரி, தலைப்பு மாறிய பிறகும் அப்படியே தங்கிவிடுகிறது.

வாட்ஸ்அப்ல வந்த கார்டுல ஒரு தலைப்பு, தொட்டு உள்ள போனா வேற தலைப்பு. நம்மளை ஏமாத்துறாங்களா?

ஏமாற்றாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம். பகிரும்போது காட்ட வேண்டிய தலைப்பையும் படத்தையும் பக்கத்தின் நிரலுக்குள் தனியாக எழுதி வைக்க முடியும். Chrome, Firefox போன்ற கணினி உலாவிகளில் முகவரிக்கு முன்னால் view-source: என்று தட்டினால் நிரல் திறக்கும், அதில் இந்த வரிகளைத் தேடுங்கள்.

```
<meta property="og:title" content="...">
<meta property="og:image" content="...">
```

உள்ளே தெரியும் தலைப்பும் இதுவும் வேறாக இருந்தால், பகிர்வுக்கென்று வேறு சொற்களைத் தேர்ந்திருக்கிறார்கள், அல்லது உள்ளே திருத்திவிட்டு இதைத் திருத்த மறந்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, உங்களுக்கு வந்த கார்டு மட்டும் வேறாக இருந்தால், பழைய தலைப்பு இருந்த நேரத்தில் யாரோ அனுப்பியதாக இருக்கும். அனுப்பிய கார்டு பின்னால் தானாக மாறாது. அதே நிரலில் datePublished, dateModified என்ற சொற்களைத் தேடினால், பல தளங்களில் வெளியிட்ட நேரமும் கடைசியாகத் திருத்திய நேரமும் கிடைக்கும். பெரும்பாலானவர்கள் கார்டோடு நின்றுவிடுவதால், ஒப்பீட்டில் கார்டுத் தலைப்புக்குத் தனிக் கட்டம் வைப்பது நல்லது.

எல்லாரும் ஒரே ஏஜென்சி படத்தைத்தான் போட்டிருக்காங்க. அப்ப அதுல தேர்வுன்னு என்ன இருக்கு?

செய்தி முகமைகள் ஒரு நிகழ்வுக்கு ஒரு படத்தை மட்டும் அனுப்புவதில்லை. அனுப்பிய வரிசையில் எது எடுக்கப்பட்டது, எப்படி வெட்டப்பட்டது, கீழே என்ன எழுதப்பட்டது என்பவை அப்போதும் பக்கத்தின் கையில்தான் இருக்கின்றன. ஒரே படமாக இருந்தால் படவிளக்கத்தை ஒப்பிடுங்கள். ‘காளையை அடக்கும் வீரர்’, ‘காளையைத் தழுவும் வீரர்’, ‘காளையோடு மல்லுக்கட்டும் இளைஞர்’ என்று ஒரே படத்துக்கு மூன்று விளக்கங்கள் எழுத முடியும். ஆனால் சந்தா கட்ட வசதியில்லாத சிறிய பக்கம், இலவசமாகக் கிடைத்த ஒரே படத்தைப் போட்டிருக்கவும் கூடும். அங்கே படத்துக்கு அதிகப் பொருள் கொடுப்பது நியாயமல்ல.

பெங்களூர்ல இருக்கிற என் தம்பி, அது கம்பளா தீர்ப்புங்கிறான். ரெண்டும் வேற வேறயா?

ஒரே தீர்ப்புதான். அடிப்படைக் குறிப்பில் சொன்னபடி மூன்று மாநிலச் சட்டங்களும் அதில் அடங்கும். தமிழ்ப் பக்கம் ஜல்லிக்கட்டை முன்னால் வைப்பதும் கன்னடப் பக்கம் கம்பளாவை முன்னால் வைப்பதும் தத்தம் வாசகருக்கான இயல்பான தேர்வு. ஆனால் உள்ளே எங்குமே மற்ற இரு மாநிலங்களைக் குறிப்பிடாமல் விட்டால், நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு மட்டும் தனிச் சலுகை அளித்ததுபோன்ற தோற்றம் உண்டாகும். இரண்டாவது, மூன்றாவது பத்திகளில் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் வருகின்றனவா என்று பார்த்தால் போதும்.

செய்தி எழுதுனவரு நம்ம ஊர்க்காரரு, நேர்மையான ஆளு. அவரு போய் இப்படித் தலைப்பு வைப்பாரா?

வைத்திருக்க மாட்டார், பெரும்பாலான நாளிதழ்களிலும் தளங்களிலும் தலைப்பும் படமும் உதவி ஆசிரியரின் மேசையில் முடிவாகின்றன, நிருபரின் பெயர் மட்டும் மேலே நிற்கும். செய்தியின் முதல் பத்தி ஒன்று சொல்ல, தலைப்பு வேறொன்று சொன்னால், அந்த இடைவெளி மேசையில் உண்டானது என்று ஊகிக்கலாம். கோபத்தை நிருபரின் கைபேசிக்கு அனுப்ப வேண்டியதில்லை.

சரி, வித்தியாசம் தெரிஞ்சிருச்சு. அப்ப இந்தப் பக்கம் ஒருதலைப்பட்சம்னு எழுதிரலாமா?

ஒரு நிகழ்வை வைத்து எழுத முடியாது. ஒரே நாளில் கிடைத்தது ஒரு தேர்வு மட்டுமே. அது அவசரத்தாலும் இடப் பற்றாக்குறையாலும் நேர்ந்திருக்கலாம். அதே பக்கம் இதற்கு எதிரான முடிவு வந்த நாளில் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். இந்த வழக்கில் நமக்கு அந்த வசதி இருக்கிறது. 2014 மே 7 அன்று அதே நீதிமன்றம் தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தைச் செல்லாது என்றது. அன்றைய தலைப்பையும் படத்தையும் எடுத்து 2023ஆம் ஆண்டினவற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

2023இல் ‘விலங்கு நல அமைப்புகளுக்குப் பின்னடைவு’ என்று எழுதிய பக்கம், 2014இல் ‘தமிழ்நாடு அரசுக்குப் பின்னடைவு’ என்று எழுதியிருந்தால், தோற்றவரை முன்னால் வைப்பது அதன் வழக்கம், சாய்வு அல்ல. 2014இல் ‘தமிழர் உணர்வுக்கு அடி’ என்ற வகையில் எழுதிவிட்டு 2023இல் ‘நீதி வென்றது’ என்ற வகையில் எழுதியிருந்தால், நீதிமன்றத்தை முடிவுக்கேற்ப அளக்கிறது என்று சொல்லலாம். இரண்டு முறையும் காயமடைந்தவரின் படத்தையே வைத்த பக்கத்துக்கு ஜல்லிக்கட்டு என்றாலே ஆபத்துதான் செய்தி. எப்படியானாலும் ‘இந்தப் பக்கம் இப்படித் தேர்கிறது’ என்று எழுதலாம். ‘இன்ன நோக்கத்துக்காகத் தேர்கிறது’ என்று எழுதத் தலைப்பும் படமும் ஆதாரம் ஆகா.

எங்க வீட்லயே காளை வளக்குறோம். நான் ஒப்பிட்டா எனக்கு வேண்டியதுதான கண்ணுல படும்?

படும். காளையை எதிர்க்கும் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். அதனால் திரைப்பிடிப்பில் பக்கத்தின் பெயர், சின்னம், நிறப்பட்டை ஆகியவற்றை மறைத்துவிட்டு, எண் மட்டும் இட்டுத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்ததுமே முடிவு மனதில் விழுந்துவிடுகிறது என்பதை வட்டங்களில் நேரில் பார்த்திருக்கிறேன். பெயரை மறைத்த பிறகு, தாங்கள் தினமும் வாங்கும் பத்திரிகையின் தலைப்பையே குறை சொன்னவர்கள் உண்டு.

பிறகு உங்களோடு கருத்தில் ஒத்துப்போகாத ஒருவரைத் தேடி, இருவரும் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் குறியுங்கள்: எழுவாய் யார், மதிப்பீட்டுச் சொல் எது, யார் சொன்னதாக வருகிறது, படம் எதைப் பற்றியதாக்குகிறது, கோப்புப் படக் குறிப்பு உண்டா, அடிப்படைக் குறிப்பில் எது விடுபட்டது. முதல் கேள்விக்கும் கடைசி இரண்டு கேள்விகளுக்கும் இருவர் விடையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வேறாக இருந்தால் யாரோ ஒருவர் சரியாக வாசிக்கவில்லை. படத்தைப் பற்றிய கேள்வியில்தான் மோதல் வரும். திமிலைத் தழுவும் படத்தில் நீங்கள் பாசத்தைப் பார்ப்பீர்கள், அவர் மிரண்ட கண்ணைப் பார்ப்பார். அந்தக் கட்டத்தில் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்; இரண்டு விடைகளையும் அப்படியே எழுதி, ‘ஒத்துப்போகவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போங்கள்.